காமெடியனை மேடைக்கு அழைக்கும்போது ‘நகைச்சுவை’யைத் தவிர வேறு என்ன சொல்லலாம்?

கேள்வி: அடுத்த மாதம் ஏற்காட்டில் எங்கள் சேலம் பள்ளியின் பழைய மாணவர் சந்திப்பு. 120 பேர் வருகிறோம், பலர் அம்மா அப்பாவையும் கூட்டி வருகிறார்கள். எங்கள் செட்டில் படித்த ஒருவர் இப்போது ஸ்டாண்டப் காமெடி செய்கிறார். அவரை நான்தான் அறிமுகம் செய்ய வேண்டும். ஆங்கிலத்தில் விட்டி, ஹிலாரியஸ், அப்சர்ட் என்று தனித்தனியாகச் சொல்லிவிடலாம். தமிழில் எழுதினால் ஐந்து வரியில் ஐந்து முறை ‘நகைச்சுவை’ வருகிறது. அகராதி பார்த்து ‘நகைப்புக்குரிய’, ‘அபத்தமான’ என்று மாற்றினேன். தங்கை வேண்டவே வேண்டாம் என்கிறாள். அவர் கூட்டத்தில் யாராவது பேசினால் சட்டென்று பதில் கொடுப்பார், வீட்டுக் கதைகள் சொல்வார், ஏற்காடு ஏரிப் படகுகள் வேலைநிறுத்தம் செய்வதாக ஒரு கதையும் வைத்திருக்கிறார். அதில்தான் ஆரம்பிப்பாராம். என்ன சொல்லி அழைப்பது?

பதில்:

உங்கள் தங்கை சொல்வது சரி. முதல் வேலையாக அந்த இரண்டு சொற்களையும் அடித்துவிடுங்கள். ‘நகைப்புக்குரிய’ என்றால் சிரிக்க வைக்கிற என்று அர்த்தமில்லை, பார்த்துச் சிரிக்கத்தக்க என்று அர்த்தம். ஒருவருடைய வாதம் நகைப்புக்குரியது என்றால் அது எடுபடாது என்கிறோம். மனிதரை அப்படிச் சொன்னால் மேடையில் வைத்தே அவமானப்படுத்தியதாகிவிடும். தமிழில் சிரிப்பைச் சுற்றி இந்த மாதிரிப் பள்ளங்கள் நிறைய உண்டு. ‘வேடிக்கையான மனிதர்’ என்றால் ஒரு மாதிரியான ஆள் என்று காதில் விழும். ‘கேலிக்கூத்து’ என்றால் ஒழுங்காக நடக்க வேண்டிய ஒன்று கெட்டுப்போனது என்று பொருள். ‘ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கிறது’ என்றால் மானம் போய்விட்டது. ‘காமெடி பீஸ்’ நண்பர்களுக்குள் சரி, மைக்கில் வேண்டாம். இவை எல்லாவற்றிலும் சிரிக்கப்படுபவர் அந்த மனிதர்தான். அறிமுகத்துக்கு வேண்டியது சிரிக்க வைப்பவரைக் காட்டுகிற சொல்.

‘நகைச்சுவை’ நல்ல சொல்தான், ஆனால் அது பெயர்ப்பலகை மாதிரி. மருந்துக் கடை என்று எழுதியிருந்தால் உள்ளே மருந்து இருக்கிறது என்று தெரியும், எந்த மருந்து என்று தெரியாது. அழைப்பிதழில் ஒரு முறை போட்டாயிற்று என்றால் அதன் வேலை முடிந்தது. மேடையில் நீங்கள் சொல்ல வேண்டியது, இவரிடம் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை.

இந்தக் கேள்வியைத் தமிழில் மிகப் பழைய காலத்திலேயே கேட்டிருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் முதலாவதாக நகை, அதாவது சிரிப்பு, வருகிறது. அது பிறக்கும் இடங்கள் நான்கு: ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’. சிரிப்பு எவ்வளவு பெரியது என்ற பேச்சே அங்கு இல்லை, எதிலிருந்து பிறக்கிறது என்பதுதான் கணக்கு. எள்ளல் என்பது கிண்டல். இளமை என்பது குழந்தைத்தனம். பேதைமை, தெரியாமல் செய்வது. மடன் என்பதற்கு உரைகாரர்கள் ‘கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை’ என்று பொருள் சொல்வார்கள், அதாவது ஒருவர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பது. இந்தக் கடைசி ஒன்றைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நண்பரின் படகுக் கதைக்கு அதுதான் சாவி.

இப்போது உங்கள் மூன்று சொற்களுக்கு வருகிறேன். ஹிலாரியஸிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் எல்லோரும் வழுக்கி விழுகிற இடம் அது.

ஆங்கிலத்தில் அது ஆளுக்கும் பேச்சுக்கும் முன்னால் ஒட்டுகிற ஒரு பெயரடை. அதே இடத்தில் உட்காரத் தமிழில் ஒரு சொல் இல்லை. தமிழ் அதைச் சிரிக்கிறவர் உடம்பில் வைத்துவிடுகிறது: வயிறு குலுங்க, விழுந்து விழுந்து, கண்ணில் தண்ணீர் வர, மூச்சுமுட்ட. இவை எல்லாம் ‘சிரித்தோம்’ என்கிற வினையோடு சேர்ந்து வருபவை, யாரோ ஒருவர் ஏற்கெனவே சிரித்து முடித்திருக்க வேண்டும். அதனால்தான் ‘நேற்று விழுந்து விழுந்து சிரித்தோம்’ என்றால் கேட்கிறவர் முகத்திலும் சிரிப்பு வருகிறது, ‘இவர் உங்களை விழுந்து விழுந்து சிரிக்க வைப்பார்’ என்றால் எதுவுமே வருவதில்லை. நடந்ததைச் சொன்னால் சாட்சி. நடக்கப்போவதைச் சொன்னால் அது கூட்டத்தின் மேல் நாம் சுமத்துகிற வேலை.

இதை நான் கற்றுக்கொண்டது அம்மாபேட்டையில், ஓர் ஆடித் திருவிழா மேடையில். சேலத்தில் ஆடி மாதம் தெருவுக்குத் தெரு மேடை போடுவார்கள், எனக்கும் அப்போது வாரத்துக்கு இரண்டு மேடை இருந்தது. அன்று வந்தவர் மெதுவாகப் பேசுகிற கதைசொல்லி. முதல் ஐந்து நிமிடம் ஊர், வீடு, மாமியார் என்று வெறுமனே பேசிக்கொண்டே போவார், ஆறாவது நிமிடத்தில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வெடிக்கும். நான் அவரை ‘வயிறு வலிக்கச் சிரிக்கத் தயாராகுங்கள்’ என்று சொல்லி அழைத்துவிட்டேன். முதல் நிமிடத்தில் சிரிப்பு இல்லை. இரண்டாவது நிமிடத்தில் முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவருக்கும் அது தெரிந்து, கதையை அவசரப்படுத்தி, வெடிக்க வேண்டிய இடத்துக்குச் சீக்கிரமே வந்து சேர்ந்துவிட்டார். நான் இறங்கி வரும்போது படியோரம் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துச் சொன்னார்: “ஏன் கண்ணு, அந்தத் தம்பி நல்லாத்தான் பேசுனாப்ல. நீ சிரிங்க சிரிங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டியா, நான் எப்பச் சிரிக்கணும்னே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

அந்தப் பாட்டி சொன்னதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. ஹிலாரியஸ் வகைச் சொல் உங்கள் அறிமுகத்தில் வந்தே ஆக வேண்டும் என்றால் இறந்த காலத்தில், பார்த்த ஒருவரின் பெயரோடு வரட்டும். ‘போன பொங்கலுக்கு எங்கள் மாடியில் பேசினார், எங்கள் பெரியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்’ என்றால் போதும். நடக்காமல் இருந்தால் அந்த வரியே வேண்டாம்.

அடுத்து விட்டி. இதற்கு நம்மிடம் சொற்கள் ஏராளம், ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்குப் பொருந்தும். சமயோசிதம் என்றால் இடம் பார்த்து, நேரம் பார்த்து வருகிற பதில். சிலேடை என்றால் ஒரே சொல்லில் இரண்டு பொருள். காளமேகப் புலவரை நினைத்துக்கொள்ளுங்கள். சாதுரியம் என்பதில் கொஞ்சம் தந்திரமும் கலந்திருக்கும். விகடம் பழைய அழகான சொல், ஆனால் இன்றைக்கு மேடையில் சொன்னால் தெனாலிராமன் காலத்து உடை போட்டவர் யாரோ வருகிறார் என்று தோன்றும். நக்கல், நையாண்டி, பகடி எல்லாம் எள்ளல் பக்கம். அவற்றில் யாரோ ஒருவர் அடிபடுகிறார். உங்கள் நண்பர் யாரையும் குத்துவதில்லை என்றால் அந்தச் சொற்களைத் தொடாதீர்கள். சொல்லிவிட்டால் கூட்டம் யார் தலை உருளப்போகிறது என்று காத்திருக்கும்.

நம் பக்கத்தில் இதற்கெல்லாம் மேலான ஒரு சொல் இருக்கிறது: குசும்பு. கோவையிலிருந்து சேலம் வரை இது வீட்டுச் சொல். பேரனைப் பார்த்துப் பாட்டி, ‘இவனுக்குக் குசும்பு ஜாஸ்தி’ என்றால் திட்டுவது பாதி, கொஞ்சுவது பாதி. நக்கலில் இருக்கிற இளக்காரம் குசும்பில் கிடையாது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு பேசி, கடைசியில் ஒரு சொல்லால் திருப்பிவிடுகிற ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல் எனக்குத் தெரியாது. உங்கள் கூட்டத்தில் சேலத்துக்காரர்கள் நிறைய, பெரியவர்களும் இருக்கிறார்கள், ஆக இந்தச் சொல் விழுந்தவுடன் எல்லோருக்கும் புரியும், யாரையும் உறுத்தாது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அவர் கூட்டத்தோடு பதிலுக்குப் பதில் பேசுவார் என்பதை மட்டும் அறிமுகத்தில் சொல்லாதீர்கள். ‘என்ன கேட்டாலும் டக்கென்று பதில் சொல்வார்’ என்று சொன்னீர்கள் என்றால், பழைய மாணவர் கூட்டத்தில் முதல் நிமிடத்திலேயே நாலு பேர் பின்னாலிருந்து குரல் கொடுப்பார்கள். அதிலும் கூடப் படித்தவர்கள், பட்டப்பெயர் தெரிந்தவர்கள். அவர் ஆரம்பிக்க நினைத்த கதை அங்கேயே நின்றுபோகும். சட்டென்று வருகிற பதில் சொல்லாமல் வந்தால்தான் சுவை. அதைக் கூட்டமே கண்டுபிடிக்கட்டும்.

இனி அப்சர்ட். உங்கள் கேள்வியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அகராதி ‘அபத்தம்’ என்கிறது. நாடகம் படித்தவர்களுக்குள் ‘அபத்த நாடகம்’ என்று ஒரு வகையே உண்டு, அங்கே அந்தச் சொல் மரியாதையோடு நிற்கிறது. ஆனால் வீட்டில் ‘அபத்தமாகப் பேசாதே’ என்றுதான் சொல்கிறோம். பிழை, உளறல் எல்லாம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எழுபது வயது அம்மாக்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ‘அபத்தமாகப் பேசுவதில் வல்லவர்’ என்றால் அது புகழ்ச்சியாகக் கேட்காது. ஏடாகூடம், கோக்குமாக்கு இரண்டும் பரவாயில்லை, அவற்றில் விளையாட்டு இருக்கிறது. ஆனால் ஏடாகூடம் என்பதில் ஆபாசமாக ஏதும் வருமோ என்ற சந்தேகமும் சிலருக்கு வரும்.

சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, அவர் கதை எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். படகுகள் வேலைநிறுத்தம் செய்கின்றன. அந்த ஒன்று மட்டும்தான் நடக்காத விஷயம். அதை ஒத்துக்கொண்டுவிட்டால் அதற்கப்புறம் எல்லாமே நியாயம்: துடுப்புப் படகுக்கும் மிதி படகுக்கும் சங்கம் தனித்தனி, பேச்சுவார்த்தைக்கு யாரைக் கூப்பிடுவது, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இரட்டைச் சம்பளம். நான் ஊகித்துச் சொல்கிறேன், ஆனால் இந்த வகைக் கதை எல்லாமே இப்படித்தான் நடக்கும். ஒரு பொய்யை எடுத்துக்கொண்டு, அதைக் கடைசி வரை நேர்மையாக நடத்துவது. முன்னால் சொன்ன மடன் இதுதான், கொண்டது விடாமை.

இந்த வகைக்கு மட்டும் அறிமுகத்தின் உதவி நிஜமாகவே தேவை. வீட்டுக் கதைக்கு எந்த முன்தயாரிப்பும் வேண்டாம், கேட்டவுடன் ஒட்டிக்கொள்ளும். படகுக் கதைக்குக் கூட்டம் முதலிலேயே சரி என்று தலையாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒரு பெரியவர் பக்கத்தில் இருப்பவரிடம், ‘நிஜமாவா, எப்போ நடந்துச்சு?’ என்று கேட்பார். அந்த வரிசை முழுக்க அந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்ளும். ஆகவே மூன்று குணத்தையும் சமமாக அள்ளித் தெளிக்காமல், அவர் எதில் ஆரம்பிக்கிறாரோ அதற்குக் கூட்டத்தின் காதைத் திருப்பி வைப்பதுதான் உங்கள் வேலை. அதற்குத் தமிழில் ரெடியாக ஒரு வழக்கு இருக்கிறது: ‘ஒரு பேச்சுக்கு’. ‘ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்’ என்று சொன்னால் படிக்காதவர்களுக்கும் புரியும், இனி வருவது நடந்ததல்ல, ஆனால் நடந்த மாதிரியே கேட்க வேண்டும் என்று. அப்சர்ட் என்ற சொல் செய்ய வேண்டிய வேலையை இந்த இரண்டு சொல் செய்துவிடும்.

இதை வைத்து நான் ஒரு மாதிரி எழுதிப் பார்த்தேன். வகுப்பறைச் சம்பவம் நான் கற்பனையாகப் போட்டது. அந்த இடத்தில் உங்கள் வகுப்பில் உண்மையிலேயே நடந்த ஒன்றை வையுங்கள்.

“எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பத்தாம் வகுப்பில் கணக்கு சார் பாடம் நடத்தும்போது, ‘ஒரு பேச்சுக்கு, எக்ஸின் மதிப்பு ஐந்து என்று வைத்துக்கொள்வோம்’ என்பார். நாங்கள் எல்லோரும் எழுதிக்கொள்வோம். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் மட்டும் எழுந்திருப்பார். ‘சார், எக்ஸுக்கு அதில் சம்மதமா?’ அந்தப் பீரியட் முழுக்க அவர் வெளியே நின்றார். முப்பது வருஷம் ஆகிவிட்டது, அந்தக் கேள்வியை அவர் இன்னும் விடவில்லை. ஒரு பேச்சுக்கு என்று ஆரம்பிப்பார். நாம் விட்டாலும் அவர் விடமாட்டார். சேலத்துக் குசும்பு, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இன்றைக்கு ஏற்காட்டுக்கு வந்திருக்கிறது. நம் செட், நம் நண்பர்... (பெயர்)!”

நிறுத்தி நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடியும், அதற்கு மேல் போக வேண்டாம். ‘நகைச்சுவை’ ஒரு முறைகூட வரவில்லை, ‘சிரிப்பு’ம் வரவில்லை. குசும்பு ஒன்றுதான் அவரைப் பற்றிய நேரடிச் சொல். எக்ஸ் பற்றிய கேள்வி அவர் விட்டி என்பதைக் காட்டிவிடுகிறது, ‘விடமாட்டார்’ என்பது படகுக்கு வழி போட்டு வைக்கிறது, ஆனால் படகு வெளியே வரவில்லை. உங்கள் சம்பவத்தை மாற்றி வைக்கும்போது இந்த இரண்டையும் மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்: அவர் எதையோ நேர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், அதை விடாமல் இருந்திருக்க வேண்டும். அவர் அடிவாங்கிய கதை, காதல் கடிதக் கதை எல்லாம் வேண்டாம். அவை சிரிப்பு வரவழைக்கும், ஆனால் கூட்டத்தைப் படகின் பக்கம் திருப்பாது.

பெயர் ஏன் கடைசியில் என்றால், தமிழ் வாக்கியம் வினையில் முடிகிறது. ‘இன்னாரை மேடைக்கு அன்புடன் அழைக்கிறேன்’ என்றால் பெயர் கேட்டவுடன் கைதட்டல் தொடங்கி, ‘அன்புடன் அழைக்கிறேன்’ அதில் மூழ்கிவிடும். நீங்களும் தட்டல் அடங்கும் வரை நின்று மறுபடி சொல்ல, அவர் பாதி வழியில் நின்றுவிடுவார். வாக்கியத்தைத் திருப்பிப் போட்டு, கடைசி ஒலி அவர் பெயராக இருக்கும்படி வையுங்கள். ஏற்காட்டில் மாலை என்றால் இது இன்னும் முக்கியம். 1,500 மீட்டர் உயரம், திறந்த புல்வெளி, பாதிப் பேர் கையைச் சால்வைக்குள் வைத்திருப்பார்கள். கையை வெளியே எடுக்க அவர்களுக்கு ஒரு தெளிவான நொடி வேண்டும்.

இன்னொன்று, மரியாதை. கூடப் படித்தவர் என்பதால் வாய் தவறி ‘அவன்’, ‘வாடா’ என்று வந்துவிடும். அவருடைய அம்மா அப்பா கூட்டத்தில் இருக்கலாம். மற்றவர்களின் பெற்றோருக்கு அவர் யாரென்றே தெரியாது. நீங்கள் ‘அவன்’ என்றால் அவர்கள் கண்ணில் அவர் சின்னப் பையனாகிவிடுவார். அதனால்தான் மாதிரியில் கடைசி பெஞ்ச் வயதிலும் ‘எழுந்திருப்பார்’, ‘நின்றார்’ என்று வைத்தேன். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு ‘ஆர்’ விகுதி போடுவதிலேயே ஒரு மெல்லிய சிரிப்பு உண்டு, அதை நீங்கள் முகத்தில் காட்ட வேண்டாம்.

நம் ஊர்த் தெருக்கூத்து பார்த்திருப்பீர்கள். சேலம் பக்கத்தில் இன்றும் கிராமங்களில் விடிய விடிய நடக்கிறது. இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்க, வேஷக்காரர் பின்னால் நிற்பார். கட்டியங்காரன் முன்னால் வந்து வருகிறவர் யார், எந்த ஊர், என்ன சேதி என்று கேள்வியாகக் கேட்பான். அவனே சிரிக்கவும் வைப்பான், ஆனால் ராஜா திரையை விலக்கிக்கொண்டு வந்த பிறகு ஆட்டம் ராஜாவுடையது. ‘சார், எக்ஸுக்கு அதில் சம்மதமா?’ என்ற வரிக்குக் கூட்டம் சிரித்தால் அந்தச் சிரிப்பு அடங்கட்டும், அதன் மேல் இன்னொரு ஜோக் வைக்காதீர்கள்.

எழுதி முடித்ததும் முதல் நாளே அவருக்குப் போனில் வாசித்துக் காட்டுங்கள். இரண்டு கேள்வி கேளுங்கள் போதும்: ‘ஒரு பேச்சுக்கு’ என்பதை உன் கதையில் நீ எங்காவது சொல்கிறாயா, பத்தாம் வகுப்புச் சம்பவத்தை நீயே சொல்லப்போகிறாயா? இரண்டில் எதற்கு ஆமாம் என்றாலும் அதை உங்கள் தாளிலிருந்து எடுத்துவிட்டு அவருக்கே விட்டுவிடுங்கள். ‘ஒரு பேச்சுக்கு’ போய்விட்டால் அந்த இடத்தில் ‘வைத்துக்கொள்வோம்’ என்பது மட்டும் நிற்கட்டும், வேலை நடக்கும்.